பதினான்கு பக்க ஆங்கில ஒப்பந்தமும் ஒரு கோத்தகிரி வீடும் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருக்கும் ஒரு மாடி வீட்டைப் பற்றியது இது. வீடு 58 வயதுப் பெண் ஒருவரின் பெயரில் இருக்கிறது. அவர் கணவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் அவர்கள் குடியிருக்கிறார்கள். மகளுக்காகக் கட்டிய மேல்மாடி மூன்று அறைகளும், மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனபின் பூட்டிக் கிடந்தன. பச்சைத் தேயிலைக்கு வரும் காசு கவ்வாத்துக் கூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போகிறது என்று இருந்த காலம்.

2023 ஜூனில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஏஜென்ட் வந்தார். வீடுகளை எடுத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடும் நிறுவனம். அலுவலகம் வேறு மாநிலத்தில். ஏஜென்ட் மட்டும் பக்கத்து ஊர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசுபவர். அவர் வாயால் சொன்னது மூன்றே விஷயம்: மாதம் 35,000 ரூபாய் உறுதி, மூன்று வருடம், பிடிக்கவில்லை என்றால் மூன்று மாத நோட்டீஸ்.

கையெழுத்து ஆனது சமையலறை மேசையில், முக்கால் மணி நேரத்தில். பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம், முதல் பக்கம் நூறு ரூபாய் முத்திரைத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "பொண்ணுக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டு நாளைக்குப் போடலாமா?" என்று அந்த அக்கா கேட்டிருக்கிறார். "எல்லாம் வழக்கமான ஷரத்துதான்மா, எல்லா வீட்டுக்கும் இதே பேப்பர்தான்" என்று பதில் வந்தது. அது பொய்யில்லை. எல்லா வீட்டுக்கும் அதே பேப்பர்தான், பிரச்சினையே அதுதான்.

அட்வான்ஸாக 2,10,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. அசல் இரண்டையும் அவர்களே எடுத்துப் போனார்கள். பிடிஎஃப் பிரதி மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

நடந்தது

நிறுவனம் அறைகளுக்குக் கட்டில், மெத்தை, கீசர், திரைச்சீலை எல்லாம் போட்டது. ஜூன் போய், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரும் போயின. வாடகை வரவில்லை. கேட்டபோது "இன்னும் லாஞ்ச் ஆகலைம்மா" என்றார்கள். அக்டோபரில் 35,000 வந்தது. நவம்பரில் 27,400, டிசம்பரில் 31,200. ஜனவரி 24,600, பிப்ரவரி 19,800, மார்ச் 18,500, ஏப்ரல் 33,500. ஏழு மாதத்தில் மொத்தம் 1,90,000.

மே மாதம் ஒன்றுமே வரவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. "அரசுக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் உறுதித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது. அந்த சீசனில் விண்ணப்பித்த எல்லாருக்குமே இ-பாஸ் கிடைத்தது, எண்ணிக்கை வரம்பு எதுவும் அப்போது இல்லை. மேல்மாடியில் ஆள் தங்கிக்கொண்டும் இருந்தார்கள். அக்கா கீழே இருந்து காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஜூலையில் உள்ளாட்சியிலிருந்து நோட்டீஸ்: குடியிருப்புக்கு வாங்கிய வரைபட அனுமதியில் விடுதி நடக்கிறது, விளக்கம் தரவும். நீலகிரியில் இந்தக் காரணத்துக்காக நோட்டீஸ் வாங்கிய காட்டேஜ்களும் சீல் வைக்கப்பட்ட காட்டேஜ்களும் நிறைய. ஆகஸ்ட் தொடக்கத்தில் நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தத்தை மீறியது வீட்டுக்காரரே, ஆகவே ஒப்பந்தம் முடிகிறது, அறை அமைத்த செலவில் மீதி 5,00,000, அட்வான்ஸ் 2,10,000, ஆக 7,10,000 ரூபாயைத் தர வேண்டும், பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்.

1,90,000 வாங்கிய வீட்டுக்கு 7,10,000 பில். அந்தக் காகிதத்தோடுதான் அக்காவும் அவர் கணவரும் என் கடைக்கு வந்தார்கள். நான் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன், வட்ட சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராகவும் இருக்கிறேன். வக்கீல் இல்லை.

முதலில் செய்த இரண்டு தவறுகள் (என்னுடையவை)

முத்திரைத்தாளைப் பார்த்ததும் ஒன்பது வருட ஒப்பந்தம் என்பதும், பதிவு அலுவலக முத்திரை இல்லை, நோட்டரி சீல் மட்டும்தான் என்பதும் தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. நம் ஊரில் எல்லாரும் 11 மாத அக்ரிமெண்ட் போடுவதே அதனால்தான். "அக்கா, இது செல்லாத பேப்பர், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஏன் என்று பின்னால் வருகிறது.

இரண்டாவது தவறு இதைவிட முக்கியம். ஒப்பந்தத்தை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இரண்டு மணி நேரம் ஆனது. இருவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். முடிந்ததும், "சரி அக்கா, அடுத்த வருஷமே நீங்க வீட்டைத் திருப்பிக் கேட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "மூணு மாச நோட்டீஸ் குடுக்கணும் தம்பி" என்றார்.

அந்த ஷரத்தைப் பத்து நிமிடம் முன்புதான் வாசித்திருந்தேன். அதில் மூன்று மாதம் என்ற பேச்சே இல்லை. என் மொழிபெயர்ப்பு அவர் காதில் விழுந்தது, ஆனால் ஏஜென்ட் வாயால் சொன்னதுதான் மனதில் இருந்தது. ஆங்கிலச் சட்ட வாக்கியத்தைத் தமிழ்ச் சட்ட வாக்கியமாக மாற்றினால் கிடைப்பது புரியாத தமிழ், அவ்வளவுதான். "முன்கூறியவற்றுக்குக் குந்தகமின்றி" என்று நான் வாசித்ததை நானே மறுபடி படித்துப் பார்த்தால் எனக்கே புரியவில்லை.

ஷரத்துகளைச் சம்பவமாக்கிச் சொன்னது

மறுநாள் முறையை மாற்றினேன். ஒவ்வொரு ஷரத்தையும் அவர் வீட்டில் நடக்கிற ஒரு சம்பவமாக்கி, மாதமும் ரூபாயும் போட்டுச் சொன்னேன். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னேன். திருப்பிச் சொல்ல முடியாதவரை அடுத்ததற்குப் போகவில்லை.

முதலில் வாடகை. ஒப்பந்தத்தில் 35,000 என்ற எண் இருந்தது, உறுதித்தொகை என்ற சொல்லும் இருந்தது. அந்த வாக்கியம் "சப்ஜெக்ட் டு" என்று தொடங்கியது. அதற்குப் பொருள், பின்னால் வரும் இன்னொரு ஷரத்து இதற்கு மேல் நிற்கும் என்பது. பின்னால் ஒன்பதாம் பக்கத்தில் சலவை, மின்சாரம், ரிப்பேர், விளம்பரச் செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அதற்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. அவருக்குச் சொன்னது இப்படி: "முப்பத்தஞ்சு தர்றோம்னு முன் பக்கத்துல சொல்றாங்க, அதுல எவ்வளவு வேணாலும் எடுத்துக்குவோம்னு பின் பக்கத்துல சொல்றாங்க. உறுதின்னு அவங்க சொன்னது கழிக்கிறதுக்கு முந்தின கணக்கு." வாடகை தொடங்கும் தேதியும் கையெழுத்துப் போட்ட தேதி அல்ல, நிறுவனம் லாஞ்ச் என்று அறிவிக்கும் தேதி. லாஞ்ச் எப்போது என்பதும் அவர்கள் கையில். நான்கு மாதம் காசு வராத காரணம் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

இ-பாஸ் விஷயமும் இதே மாதிரி. அரசுக் கட்டுப்பாட்டால் ஆள் வராமல் போனால் உறுதித்தொகை நிற்கும் என்று இருந்திருந்தால், ஆள் வந்தார்கள் என்று காட்டி வாதாடலாம். ஷரத்தில் இருந்தது அது அல்ல. பயணத்தின் மேல் ஏதாவது ஒரு அரசுக் கட்டுப்பாடு இருக்கிறது என்று நிறுவனம் கருதினாலே போதும் என்று இருந்தது. "அவங்க நெனச்சாப் போதும்" என்று அக்கா திருப்பிச் சொன்னார். சரியாகப் புரிந்துகொண்டார்.

அடுத்தது லாக்-இன். ஒப்பந்தக் காலம் ஒன்பது வருடம். அதில் முதல் 60 மாதம் வீட்டுக்காரர் வெளியே வர முடியாது. நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் 30 நாள் நோட்டீஸில் போகலாம். மூன்று வருடம் என்று ஏஜென்ட் சொன்னது எங்கேயுமே இல்லை. ஒரு கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை, வெளிப்பக்கம் மட்டும் இருக்கிறது என்று சொன்னபோது கணவர் சிரித்துவிட்டார். அறை அமைக்கும் செலவு 6,00,000 என்று அதிலேயே போட்டிருந்தது. வீட்டுக்காரர் மீறலால் ஒப்பந்தம் முடிந்தால், 60 மாதத்தில் ஓடாமல் மிச்சமிருக்கும் மாதங்களுக்கான பங்கை அவர் தர வேண்டும். லாஞ்ச் ஆன அக்டோபரிலிருந்து பத்து மாதம் ஓடியது, 50 மிச்சம், ஆறு லட்சத்தில் அறுபதில் ஐம்பது பங்கு ஐந்து லட்சம். நோட்டீஸில் இருந்த எண் வந்த வழி இதுதான்.

ஆனால் மீறியது வீட்டுக்காரர் என்று எப்படிச் சொன்னார்கள்? இதுதான் ஒப்பந்தத்திலேயே கனமான இடம், பார்க்க மிகச் சாதுவாக இருக்கும் இடமும் கூட. வீட்டுக்காரர் சில விஷயங்களை "ரெப்ரெசென்ட்ஸ் அண்ட் வாரண்ட்ஸ்" என்று, அதாவது உண்மை என்று உறுதி கூறுவதாக, ஒரு பத்தி. சொத்து என்னுடையது, வில்லங்கம் இல்லை, வரி கட்டியாயிற்று என்று மூன்று வரி, எல்லாம் உண்மை. நான்காவது வரி: வணிகரீதியாகத் தங்கும் விடுதி நடத்தத் தேவையான எல்லா அனுமதியும் இந்தக் கட்டடத்துக்கு இருக்கிறது. வீட்டுக்கு இருந்தது குடியிருப்பு அனுமதி. ஏஜென்ட்டுக்கு அது தெரியும், வரைபட நகலை அவரே வாங்கிப் போயிருந்தார். ஆக, கையெழுத்துப் போட்ட நிமிடமே அக்கா ஒப்பந்தத்தை மீறியவர். நிறுவனம் எப்போது அதைச் சுட்டிக்காட்டலாம் என்று காத்திருந்தால் போதும். அதற்கு அடுத்த பத்தியில் "இன்டெம்னிஃபை". அவரிடம் சொன்னது: "இந்த நாலு வரில ஒண்ணு பொய்யாப் போனா, அதனால அவங்களுக்கு வர்ற எந்த நஷ்டத்தையும் உங்க கைக்காசுல குடுக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் எப்பத் தம்பி அப்படிச் சொன்னேன்?" என்றார். நீங்கள் சொல்லவில்லை, உங்கள் பெயரில் அவர்கள் எழுதிக்கொண்டார்கள், கையெழுத்து மட்டும் உங்களுடையது என்றேன்.

கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு நேர் மேலே ஒரு வரி: மேற்கண்ட யாவும் எனக்குத் தமிழில் படித்து விளக்கப்பட்டது, முழுமையாகப் புரிந்துகொண்டு சம்மதிக்கிறேன். இதுவும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் தெரியாது என்று பின்னால் சொல்ல வருபவரின் வாயை ஆங்கிலத்திலேயே அடைத்துவைக்கும் வரி அது.

நடுவர் ஷரத்தை வேகமாகச் சொல்லி முடித்தேன். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாக நிறுவனம் நியமிக்கும் ஒரே நடுவர் தீர்ப்பார், விசாரணை அவர்கள் ஊரில்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. அதன்படி ஒரு வக்கீல் கிடைத்தார். அவர் முதலில் என்னைத் திருத்தினார்.

பதிவாகாத குத்தகையை வைத்து அறுபது மாதம் கட்டிப்போடுவது அவர்களுக்குக் கடினம், அது உண்மை. மேலே "மேனேஜ்மென்ட் அண்ட் லைசென்ஸ்" என்று பெயர் போட்டிருந்தாலும், குத்தகையா இல்லையா என்பதற்கு வீட்டை முழுதாக யார் கையில் கொடுத்தார்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் பேப்பர் முழுவதும் குப்பை என்று நினைக்கக் கூடாது. அதில் இருக்கும் நடுவர் ஷரத்து தனியாக நிற்கக்கூடியது. பதிவாகாத குத்தகைப் பத்திரத்திலும் அதைப் பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு இரண்டு தேயிலை நிறுவனங்களுக்கு இடையில் வந்தது என்பது எனக்குச் சுவையாக இருந்தது. நிறுவனமே தனக்கு வேண்டிய நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ஷரத்து அழிந்துபோகாது. வேறு நடுவர் வருவார், அக்கா வேறு மாநிலத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும்.

"ஏமாத்திக் கையெழுத்து வாங்கினாங்கன்னு கேஸ் போட்டா?" என்று கணவர் கேட்டார். பொய்யான விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம், ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இடம் தருகிறது. கூடவே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. சாதாரண கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், தவறான விவரம் என்று மட்டும் காட்டினால் ரத்து கிடைக்காது. வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நிரூபிக்க வேண்டும். இங்கே ஆங்கிலம் படித்த மகள் இருக்கிறார், ஒரு நாள் பொறுத்திருந்தால் படித்திருப்பார். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் வழக்கு என்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு சமரசத்துக்கு முயல்வது என்று முடிவானது.

கையில் இருந்த பலம் ஏஜென்ட்டின் குரல் செய்திகள். "மூணு வருஷம்தான்மா", "மாசாமாசம் முப்பத்தஞ்சு வந்துரும்" என்று 2023 ஜூனில் அனுப்பியவை. எழுத்து ஒப்பந்தம் இருக்கும்போது வாய்ப்பேச்சை வைத்து அதை மாற்ற முடியாது என்பது பொது விதி. ஏமாற்றுதலைக் காட்ட மட்டும் அந்த விதி தடையில்லை. அக்கா ஃபோனை மாற்றப் போவதாக இருந்தார். அந்த ஃபோனையே அப்படியே வைத்திருக்கச் சொன்னோம், வேறு ஃபோனுக்கு ஃபார்வர்ட் செய்த செய்தியைவிட வந்திறங்கிய ஃபோன்தான் மதிப்பு.

பலவீனமும் அதே ஃபோனில் இருந்தது. 2024 ஜூலையில் நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு கணக்கை அனுப்பி உறுதிசெய்யக் கேட்டிருந்தது. அக்கா கட்டைவிரல் படத்தைப் போட்டிருந்தார். பார்த்துவிட்டேன் என்ற அர்த்தத்தில்தான். நோட்டீஸில் அது பாக்கியை ஒப்புக்கொண்டதாக எழுதப்பட்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள், ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் பதில் போனது. ஒரே பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும். பாக்கி எதையும் ஏற்கவில்லை, என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினீர்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, குடியிருப்பு அனுமதி என்பது உங்கள் ஆளுக்குத் தெரியும், சாமான்கள் பத்திரமாக இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளலாம். கடைசி வரி எதற்கு என்றால், கணவர் மேல்மாடியைப் பூட்டிச் சாவியைத் தர மாட்டேன் என்று நின்றார். சாமானைப் பிடித்து வைத்தால் பணத் தகராறு காவல் நிலையப் புகாராக மாறும். எல்லாவற்றையும் படம் எடுத்துப் பட்டியல் போட்டு, நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினோம்.

விளைவு

2024 அக்டோபரில் வட்ட சட்டப் பணிகள் குழுவில், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுக்கப்பட்டது. முதல் அமர்வுக்கு யாரும் வரவில்லை. வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இரண்டாவதுக்கு வக்கீலும் ஒரு மேலாளரும் வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்பது எளிது: அட்வான்ஸ் அக்காவிடம், சாமான் அவர் வீட்டில், பத்திரம் பதிவாகவில்லை, குரல் செய்தி இருக்கிறது. அதே பேப்பரில் கையெழுத்துப் போட்ட வேறு வீடுகளும் மலையில் இருக்கின்றன என்பதும் அவர்கள் மனதில் இருந்திருக்கும். இது என் ஊகம்தான்.

2025 தொடக்கத்தில் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. ஐந்து லட்சம் கைவிடப்பட்டது. பத்து மாத உறுதித்தொகை 3,50,000-க்கு வந்தது 1,90,000, குறைவு 1,60,000. அதில் ஒரு லட்சத்தை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு, மீதி 1,10,000-ஐ இரண்டு தவணையில் திருப்பித் தர அக்கா ஒப்புக்கொண்டார். அட்வான்ஸில் பாதிக்கு மேல் கூரை வேலைக்குச் செலவாகியிருந்ததால் இரண்டாம் தவணைக்கு ஒரு செயினை அடகு வைக்க வேண்டியிருந்தது. மக்கள் நீதிமன்றத்தின் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதனால் அதில் கையெழுத்துப் போடுமுன் தமிழில் எழுதி வாங்கி, அக்கா சத்தமாகப் படித்தார், ஒவ்வொரு பத்திக்கும் என்ன அர்த்தம் என்று எங்களுக்குச் சொன்னார். அன்று மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பஸ் தவறியிருக்கலாம்.

மறுபடி வந்தால் மாற்றிச் செய்வது

அதற்குப் பிறகு ஆங்கில ஒப்பந்தத்தோடு யார் வந்தாலும் வரி வரியாக வாசிப்பதில்லை. முதலில், வாயால் என்ன சொன்னார்கள் என்று அவரைத் தமிழில் எழுதச் சொல்கிறேன், நான் ஒப்பந்தத்தைப் பார்ப்பதற்கு முன்பே. பிறகு அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு வாக்குக்கும் ஒப்பந்தத்தில் வரி தேடுகிறேன். அக்கா விஷயத்தில் அப்படிச் செய்திருந்தால் மூன்று வருடமும் மூன்று மாத நோட்டீஸும் எங்கேயும் இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். வாக்குகள் முடிந்ததும், அவர் பெயரில் "நான் உறுதி கூறுகிறேன்" என்று வரும் பத்திக்குப் போகிறேன், பணம் பற்றிய பக்கத்துக்கு முன்பே. பணம் பற்றிய ஷரத்தை எல்லாரும் எப்படியாவது கேட்டுவிடுகிறார்கள், இதைக் கேட்பவர் குறைவு.

ஒப்பந்தத்தை மாற்றச் சொன்னால் பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள். ஆனால் "தமிழில் விளக்கப்பட்டது" என்ற வரியை மட்டும், விளக்கியவர் பெயரையும் தேதியையும் போட்டு அவர் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லலாம். ஒரு முறை அப்படிக் கேட்டபோது ஏஜென்ட் அந்த வரியையே அடித்துவிட்டார்.

அக்கா வீட்டு மேல்மாடியில் இப்போது ஒரு ஆசிரியர் குடும்பம் இருக்கிறது, 11 மாத ஒப்பந்தம், தமிழில் ஒன்றரைப் பக்கம், வாடகை 9,000. உள்ளாட்சி நோட்டீஸுக்கு, விடுதி நடப்பதை நிறுத்திவிட்டோம் என்று பதில் கொடுத்தாயிற்று. அதன் மேல் முடிவு இன்னும் வரவில்லை.